யார் நிறுத்துவது? சாயப்பட்டறைத் தொட்டிக்கு ஒரு தமிழ்ச் செயல்முறை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தொழில்நுட்பத் தமிழைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். பரந்து கிடக்கும் அந்தத் தலைப்பில் ஒரே ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். திருப்பூர் சாயப்பட்டறைகளில் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதற்கான செயல்முறைத் தாள் அது. பட்டறைக்காரர்கள் அதை எஸ்.ஓ.பி. என்கிறார்கள். வாங்குபவர் நிறுவனத்தின் தணிக்கைக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, கோப்பில் இருக்கும். அதைத் தொழிலாளருக்காகத் தமிழில் தரும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அந்த வேலையில் எனக்குத் தெளிவானதைத்தான் இன்று சொல்ல வந்தேன். செயல்முறையில் ஒவ்வொரு படியையும் செய்பவர் யார், வேலையை நிறுத்தும் உரிமை யாருக்கு என்பது எழுதப்படாத வரை, தமிழாக்கம் முடியவில்லை.

தொட்டிக்குள் என்ன இருக்கிறது

2025 மே மாதம், பல்லடம் அருகே கரைப்புதூரில், ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன தொழிலாளர் மூவர் இறந்தார்கள். செய்தியைப் படித்த நாம் விஷவாயு என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டோம். அந்த வாயு எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்று தெரிந்தால்தான் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று எழுத முடியும்.

நொய்யல் மாசு வழக்கில் 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பின் கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாத முறைக்கு மாறிய பட்டறைகளே அனுமதியோடு ஓடுகின்றன. ஆற்றுக்குப் போன தண்ணீர் இப்போது தொட்டிகளில் தங்குகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் குழாய் போட்டிருக்கும் பட்டறையிலும், தண்ணீரைச் சேர்த்துவைக்க ஒரு தொட்டி உண்டு. நாள்பட நாள்பட அதன் அடியில் சேறு படியும்.

பருத்தித் துணியில் சாயம் ஏற, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 முதல் 100 கிராம் வரை உப்பு போடுகிறார்கள். பல பட்டறைகளில் அது சோடியம் சல்பேட். சாயத்தண்ணீரோடு அந்தச் சல்பேட்டும் தொட்டிக்கு வருகிறது. கூடவே துணியிலிருந்து கழுவப்பட்ட மெழுகு, என்சைம், சாஃப்ட்னர் எல்லாம் வருகின்றன. அடிச்சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் சல்பேட்டிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு சல்பைடை விட்டுவிடுகின்றன. அந்தச் சல்பைடிலிருந்துதான் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகிறது.

தண்ணீர் காரமாக இருக்கும்வரை சல்பைடு கரைந்தே கிடக்கும். பி.எச். 9 என்றால் அதில் மிகச் சிறிய பங்கே வாயுவாகும் நிலையில் இருக்கும். பி.எச். 7க்கு இறங்கினால் ஏறக்குறையப் பாதி அந்த நிலைக்கு வந்துவிடும். சாயக் கழிவுநீர் இயல்பில் காரமானது. அதைச் சமன்செய்ய ஆசிட் விடுவார்கள். காலையில் அமைதியாக இருந்த தொட்டி, ஆசிட் பம்ப் ஓடியபின் மதியம் ஆளைக் கொல்லலாம். சேற்றுக்குள் சிக்கியிருக்கும் வாயுவும் அப்படித்தான். மேலே மீட்டர் நல்ல எண் காட்டும். உள்ளே மண்வெட்டி போட்டதும் கிளம்பும்.

அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் வலுவாக இருக்கிறது. குறைந்த அளவில் நாற்றம் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் வாயு 100 பிபிஎம் அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகிறது, நாற்றம் மறைகிறது. அந்த 100 பிபிஎம்தான் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்டிருக்கும் அளவு. நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று ஒருவர் சொல்லும் நேரமே மிக மோசமான நேரமாக இருக்கக்கூடும். 700 பிபிஎம்மைத் தாண்டினால் சில மூச்சிலேயே ஆள் சாய்வார்.

ஆங்கிலத் தாளில் இல்லாத ஆள்

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் அந்தத் தாளின் ஒரு வரி இப்படி வரும்: “நுழைவதற்கு முன் உள்காற்று சோதிக்கப்பட்டிருப்பது உறுதிசெய்யப்பட வேண்டும்.” இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் சோதிப்பது யார்? உறுதிசெய்வது யார்? சூப்பர்வைசர் தன் வேலையல்ல என்று நினைக்கலாம். ஒப்பந்தக்காரர் பட்டறை பார்த்திருக்கும் என்று நினைக்கலாம். இறங்குபவர், மேலே இருப்பவர்கள் பார்த்துத்தான் நம்மை இறக்குகிறார்கள் என்று நினைப்பார். மூன்று பேரும் ஒருவரையொருவர் நம்ப, சோதனை நடக்காமலே போய்விடும்.

நம் அலுவலகத் தமிழில் மிகப் பழகிய “செய்யவும்” என்ற வடிவமும் இந்தக் குறையை மறைக்கத்தான் உதவுகிறது. “வால்வை மூடவும்” என்றால் எவர் மூடினாலும் சரி. எவரும் மூடாவிட்டாலும் குற்றவாளி இல்லை. ஆகவே நான் எழுதும் தாளில் ஒவ்வொரு படியும் ஓர் ஆளை விளித்தே தொடங்கும். இந்த வேலைக்கு மூன்று பேர் போதும்: அனுமதி தருபவர், மேலே நிற்பவர், இறங்குபவர். “மேலே நிற்பவர்: இன்லெட் வால்வை மூடிப் பூட்டுங்கள்” என்று எழுதிவிட்டால் யார் கை வால்வில் இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

இதற்காக நிர்வாகத்திடம் போய்க் கேட்டால்தான், ஆங்கிலத் தாளுக்கும் அந்த விடை தெரியாது என்பது புரியும். ஆள் மட்டுமல்ல, இடமும் அதில் தெளிவாக இராது. ‘உள்வரும் எல்லா வழிகளையும் துண்டிக்க’ என்றுதான் இருக்கும். அந்தத் தொட்டிக்கு எத்தனை வழி? குழாயைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும். சாய மெஷின்களின் வடிகால் வரும் இன்லெட் வால்வு ஒன்று, ஆசிட் டோசிங் பம்ப் ஒன்று, மிக்ஸர் மோட்டார் ஒன்று, பக்கத்துத் தொட்டியிலிருந்து திரும்பும் குழாய் ஒன்று என்று நான்கு கிடைக்கும். சாய மெஷின் 80 டிகிரி தண்ணீரைக் கீழே விடும்போது தொட்டிக்குள் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நான்கையும் தனித்தனியே பெயர் சொல்லி, அதே பெயரைக் குழாயிலும் பெயின்டால் எழுதச் சொல்வேன். தாளில் ஒரு பெயரும் குழாயில் வேறு பெயரும் இருந்தால் தாள் தோற்றுவிடும்.

கருவிகளின் பெயர்

பட்டறையில் புழங்கும் ப்ளோயர், வின்ச், மீட்டர், வால்வு ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொள்கிறேன். அவற்றுக்குப் புதுச் சொல் தேடி, இருட்டில் ஒருவர் அர்த்தம் யோசித்து நிற்கும்படி செய்யக் கூடாது. ஆனால் பழகிய சொல்லே ஆபத்தாகும் இடங்கள் இரண்டு உண்டு.

ஒன்று, மாஸ்க். கொரோனாவுக்குப் பின் முகக்கவசம் என்றாலும் மாஸ்க் என்றாலும் துணியோ நீலத் தாளோதான் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறது. அது இந்த வாயுவைத் தடுக்காது. வடிகட்டி வைத்த மாஸ்க்கும் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பயன்படாது, ஏனென்றால் அது காற்றை உண்டாக்குவதில்லை. ஆகவே அந்தச் சொல்லையே தாளிலிருந்து எடுத்துவிட்டு, “சுத்தமான காற்றை வெளியிலிருந்தோ சிலிண்டரிலிருந்தோ தரும் சுவாசக் கருவி” என்று நீளமாகவே எழுதுகிறேன். அதை மாட்டப் பயிற்சி பெற்ற ஆள் பட்டறையில் இல்லையென்றால், அதை நம்பி இறங்கும் வேலையே கிடையாது என்றும் சேர்க்கிறேன்.

இன்னொன்று, பெல்ட். பெல்ட் கட்டியிருக்கிறேன் என்று இடுப்பில் ஒரு வாரைக் காட்டுவார்கள். மயங்கிய ஆளை இடுப்பில் கட்டிய கயிற்றால் தூக்கினால் உடல் மடிந்து மேன்ஹோல் வாயில் சிக்கும். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட் வேண்டும். கயிறு முதுகுப்பக்க வளையத்தில் மாட்டியிருக்க வேண்டும். இதைச் சொல்லால் விளக்குவதைவிடப் படியின் பக்கத்தில் ஒரு படம் போடுவது நல்லது.

தாள்

ஒரு பட்டறைக்கு எழுதிய வடிவத்தை, வால்வுப் பெயர்களைப் பொதுவாக்கி, இங்கே முழுமையாகத் தருகிறேன்.

1. அனுமதி தருபவர்: எந்தத் தொட்டி என்று அதன் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். ஆள் இறங்காமல் ஜெட் வைத்தும் உறிஞ்சு லாரி வைத்தும் முடியுமா என்று முதலில் பாருங்கள்.

நிறுத்தம் அ. அனுமதி தருபவர்: கக்கூஸ் தண்ணீர் வரும் தொட்டி என்றால் யாரும் இறங்கக் கூடாது. லாரியைக் கூப்பிடுங்கள்.

2. மேலே நிற்பவர்: தொட்டிக்கு வரும் வால்வுகளை மூடிப் பூட்டுங்கள். சாவியை இறங்குபவரிடம் கொடுங்கள்.

3. மேலே நிற்பவர்: மிக்ஸர், ஆசிட் பம்ப் இரண்டையும் ஆஃப் செய்து, சுவிட்சைப் பூட்டுங்கள். இந்தச் சாவியும் இறங்குபவரிடம்.

4. மேலே நிற்பவர்: பம்ப் வைத்துத் தண்ணீரை இறையுங்கள். எல்லா மூடிகளையும் திறந்து வையுங்கள்.

5. மேலே நிற்பவர்: ப்ளோயர் குழாயைத் தொட்டியின் அடிவரை விட்டு ஓட்டுங்கள். ஜெனரேட்டர் புகை இல்லாத இடத்தில் ப்ளோயரை வையுங்கள்.

6. மேலே நிற்பவர்: காற்று வரும் பக்கம் நின்று, நீளக் கழியால் சேற்றைக் கலக்குங்கள்.

7. அனுமதி தருபவர்: மீட்டர் குழாயை விட்டு வாய், நடு, அடி என மூன்று இடத்தில் காற்றைப் பாருங்கள். எண்களை எழுதுங்கள். இறங்குபவருக்குக் காட்டுங்கள்.

நிறுத்தம் ஆ. அனுமதி தருபவர்: கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் யாரையும் இறக்கக் கூடாது. படி 5க்குத் திரும்புங்கள்.
O2: 19.5க்குக் கீழே, அல்லது 23.5க்கு மேலே
H2S: 10 அல்லது அதற்கு மேலே
CO: 35 அல்லது அதற்கு மேலே
LEL: 10 அல்லது அதற்கு மேலே

8. இறங்குபவர்: முழு உடல் பெல்ட்டை மாட்டுங்கள். கயிற்றை வின்ச்சில் மாட்டுங்கள். ஓடும் மீட்டரை மார்பில் மாட்டுங்கள்.

9. அனுமதி தருபவர்: மூன்று பேரும் இருப்பதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நேரத்தை எழுதுங்கள்.

10. மேலே நிற்பவர்: வின்ச் பக்கத்திலேயே நில்லுங்கள். இறங்குபவரிடம் பேசிக்கொண்டே இருங்கள். வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

நிறுத்தம் இ. மேலே நிற்பவர்: மீட்டர் கத்தினால், ப்ளோயர் நின்றால், பதில் வராவிட்டால், இறங்குபவர் தலை சுற்றுகிறது என்றால், உடனே வின்ச்சைச் சுற்றி மேலே எடுங்கள். யாரையும் கேட்க வேண்டாம்.

நிறுத்தம் ஈ. மேலே நிற்பவர்: இறங்கியவர் விழுந்துவிட்டால் நீங்கள் இறங்கக் கூடாது. வின்ச்சைச் சுற்றுங்கள். ப்ளோயரை ஓடவிடுங்கள். கத்திக் கூப்பிடுங்கள். 101, 108 இரண்டுக்கும் போன் செய்யச் சொல்லுங்கள்.

11. இறங்குபவர்: மேலே வந்தபின் சாவிகளை உங்கள் கையாலேயே கொண்டுபோய்ப் பூட்டைத் திறந்துவிடுங்கள்.

எண்ணும் நிறுத்தமும்

ஆங்கிலத் தாளில் 4.2.1 என்றும் அதற்குள் ஏ, பி என்றும் எண்கள் கிளைவிடும். அது கோப்புக்கு வசதி. தொட்டி வாயில் நின்று அதைக் கத்த முடியாது. ஒற்றை எண் இருந்தால் “ஏழு முடிஞ்சதா?” என்று மேலிருந்து கேட்கலாம், “முடிஞ்சது, அடி பாத்தாச்சு” என்று பதில் வரும். படிகளுக்கு எண்ணும் நிறுத்தங்களுக்கு எழுத்தும் கொடுத்தது, ஒன்றை இன்னொன்றென்று எடுத்துக்கொள்ளாமல் இருக்கத்தான். நிறுத்தம் சிவப்புக் கட்டத்துக்குள், அது தடுக்க வேண்டிய படிக்கு முன்னால் வர வேண்டும். பல ஆங்கிலத் தாள்களில் எச்சரிக்கைகள் எல்லாம் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியலாகக் கிடக்கும். இறங்கியபின் படிக்கும் எச்சரிக்கையால் யாருக்கும் பயனில்லை.

எட்டாம் படியில் ‘ஓடும் மீட்டர்’ என்று எழுதியதற்குக் காரணம் முன்பே சொன்ன சேறுதான். ஏழாம் படியின் எண்கள் அந்த நேரத்துக்கு மட்டும் உண்மை. கழியால் கலக்கியும் வெளிவராத வாயு, காலடி பட்டதும் வரலாம். ஆகவே ஏழாம் படி இறங்க அனுமதிக்கிறதே ஒழிய, உள்ளே இருக்கும் நேரம் முழுவதற்கும் உறுதி தருவதில்லை. பயிற்சியில் நான் அதிக நேரம் எடுத்துச் சொல்வது இதைத்தான்.

நிறுத்தம் ஈ எழுதுவதற்கு மிகக் கடினமானது. மூடிய இடங்களில் நேர்ந்த சாவுகளை ஆராய்ந்த அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று 1986இல் எழுதியது. நம் ஊர்ச் செய்திகளிலும், இறங்கிய ஒருவரை எடுக்க இன்னொருவர், அவரை எடுக்க மூன்றாமவர் என்று படிக்கிறோம். விழுந்தவர் தம்பியாக இருக்கலாம், மச்சானாக இருக்கலாம், ஒரே ஊர்க்காரராக இருக்கலாம். அந்த நேரத்தில் “இறங்காதே” என்ற சொல் மட்டும் யாரையும் பிடித்து நிறுத்தாது. துடிக்கும் கைக்கு வேலை கொடுக்க வேண்டும். அதனால்தான் தடையை அடுத்து நான்கு கட்டளைகள் உடனே வருகின்றன. வின்ச்சைச் சுற்றுவதுதான் தம்பியைக் காப்பாற்றும் வழி என்று முன்கூட்டியே கையால் செய்து பழகியவருக்கே அந்த வரி நினைவுக்கு வரும். வின்ச் இல்லாத பட்டறையில் இந்த நிறுத்தத்தை எழுதுவதில் பொருளில்லை. அங்கே முதற்படியிலேயே வேலை நிற்க வேண்டும்.

படிக்காமல் செய்து காட்டுவது

தாள் சரியாக வந்திருக்கிறதா என்று மொழி தெரிந்தவர் படித்துச் சொன்னால் போதாது. ஆபத்தில்லாத, காய்ந்த, திறந்த ஒரு தொட்டியருகே மூன்று பேரை நிறுத்தி, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் செய்ய வேண்டும். எங்கே தயங்குகிறார்கள், எங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். அந்த வரிதான் திருத்த வேண்டிய வரி. ஒரு பயிற்சியில், சாவியை இறங்குபவரிடம் கொடுக்கும் இரண்டாம் படி வந்ததும் எல்லாரும் சூப்பர்வைசரைப் பார்த்தார்கள். சொற்கள் அவர்களுக்குப் புரிந்துதான் இருந்தன. சாவி எப்போதும் ஆபீசில் இருக்கும் என்ற வழக்கத்துக்கு அது எதிராக இருந்தது. பின்பு தாளை வாசித்துக் காட்டும்போது, இறங்கியவர் வெளியே வரும்வரை யாரும் தண்ணீர் திறக்க முடியாது என்பதற்குத்தான் சாவி என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னோம், தயக்கம் நின்றது. படிக்குக் காரணம் தெரிந்தவர் அந்தப் படியைத் தாண்டுவதில்லை. ஆனால் காரணங்களைப் பயிற்சியில் சொல்ல வேண்டும். தாளில் கட்டளை மட்டும் இருக்க வேண்டும்.

திருப்பூரில் இன்று தமிழ் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் என்று பல மாநிலத்தார் இங்கே வேலை செய்கிறார்கள். மேலே நிற்பவர் தமிழர், இறங்குபவர் ஒடியாக்காரர் என்றால் பத்தாம் படியின் ‘பேசிக்கொண்டே இருங்கள்’ என்ன ஆகும்? இருவருக்கும் பொதுமொழி இல்லாவிட்டால் அவர்களை ஒரே வேலையில் சேர்க்கக் கூடாது என்பது அனுமதி தருபவரின் பொறுப்பு. தாளைப் பொறுத்தவரை, இந்தி, ஒடியா, வங்க வடிவங்களைச் செய்பவர் ஆள் பெயர் இல்லாத ஆங்கிலத் தாளிலிருந்து செய்யாமல், ஆள் பெயர் எழுதிய இந்தத் தாளிலிருந்து செய்யட்டும். எல்லா மொழியிலும் ஏழாம் படி ஏழாம் படியாகவே இருக்கட்டும். ஒரு மொழியில் திருத்தினால் அன்றே எல்லா மொழியிலும் திருத்திப் பழைய தாளைக் கிழித்துவிட வேண்டும்.

எந்தத் தாள் செல்லும்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இரண்டு இடங்களில் இந்த வேலையைத் தொட்டது. தொட்டி, குழி போன்ற இடங்களில் ஆள் இறங்குமுன் காற்றைச் சோதித்துத் தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டும் அல்லது சுவாசக் கருவியும் கயிறு மாட்டிய பெல்ட்டும் வேண்டும் என்றது 36ஆம் பிரிவு. சட்டப்படி வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது 108ஆம் பிரிவு. மலக்கழிவுத் தொட்டிக்குள் பாதுகாப்பு ஏற்பாடில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியது. தமிழில் எழுதித் தருவது பட்டறை காட்டும் சலுகை என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் தமிழ்த் தாளின் கடைசியில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வார்கள்: இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் ஆங்கிலமே செல்லும். வணிக ஒப்பந்தத்தில் அது இருக்கட்டும். இந்தத் தாளில் அதை நான் ஏற்பதில்லை. மீட்டர் கத்தும்போது மேலே நிற்பவர் கையில் இருப்பது தமிழ்த் தாள். அதை நம்பி அவர் வேலையை நிறுத்துகிறார். நாளை ஆங்கிலத் தாளை விரித்து, நிறுத்தியது தவறு, அன்றைய கூலியைப் பிடிப்போம் என்று சொல்ல இடமிருந்தால், அடுத்த முறை அவர் நிறுத்தமாட்டார். நான்கு நிறுத்தங்களும் அன்றே செத்துவிடும்.

ஆகவே அந்த வரிக்குப் பதிலாக வேறு இரண்டு வரிகளைக் கேட்கிறேன். “தொட்டி வேலைக்கு இந்தத் தாளே செல்லும். நிறுத்தம் அ, ஆ, இ, ஈ எதற்காகவும் வேலையை நிறுத்தியவருக்குக் கூலி பிடிப்பு இல்லை, விசாரணை இல்லை.” அதற்குக் கீழே பட்டறை முதலாளியின் கையெழுத்தும் தேதியும் வேண்டும். இங்கே வந்திருக்கும் பட்டறைக்காரர்கள் அந்தக் கையெழுத்தைப் போடும்படி வேண்டுகிறேன். மொழிபெயர்க்க வரும் மாணவர்கள், அந்தக் கையெழுத்து வாங்கும்வரை தாளை ஒப்படைக்காதீர்கள்.